எந்தக் கல் நம் வீட்டுக்கு? ஒரு தோசைக்கல் பக்கத்தின் மறுவடிவமைப்பு: நிகழ்வு ஆய்வு

அம்பத்தூரில் ஒரு சிறிய நிறுவனம் வார்ப்பிரும்பு தோசைக்கல் விற்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்து வார்ப்பட ஆலைகளிலிருந்து கல் வரும். இங்கே தேய்த்து, எண்ணெய் தடவி, சூளையில் பழக்கி, அமேசானில் சொந்த பிராண்டில் விற்கிறார்கள். 10, 11, 12 அங்குலம் என மூன்று அளவு. மூன்றும் ஒரே பக்கத்தில், அளவுப் பொத்தான்களோடு இருக்கும். பிராண்ட் பதிவு செய்தவர்களுக்குக் கூடுதல் கட்டணம் இல்லாமல் கிடைக்கும் A+ Content என்ற விரிவான விவரணைப் பகுதியும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஒரு விளம்பர நிறுவனம் செய்து கொடுத்தது; பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் விற்பனை நகரவில்லை, விற்றதில் கணிசமான கற்கள் திரும்பி வந்தன. தோசைக்கல் மாதிரி கனமான பொருள் திரும்பி வந்தால் போக்குவரத்துச் செலவே லாபத்தை விழுங்கிவிடும்.

உரிமையாளர் அக்கா என்னிடம் கேட்டது நேரான கேள்வி. "படம் எல்லாம் நல்லாத்தானே இருக்கு தம்பி, அப்புறம் ஏன் வாங்க மாட்டேங்கறாங்க? வாங்கினவங்களும் ஏன் திருப்பி அனுப்பறாங்க?"

முதலில் பதில் தேடியது பக்கத்தில் இல்லை, திரும்பி வந்த கற்களோடு வந்த குறிப்புகளில். வாங்கியவர் திருப்பி அனுப்பும்போது ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கிறார். சிலர் கூடவே ஒரு வரி எழுதுகிறார்கள். அந்த வரிகளையும், மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே உள்ள மதிப்புரைகளையும், வாங்கும் முன் கேட்கப்பட்ட கேள்விகளையும் அளவுவாரியாகப் பிரித்து அடுக்கினோம். மூன்றையும் கலந்து பார்த்தால் "எடை அதிகம்", "சின்னதாக இருக்கிறது", "தோசை ஒட்டுகிறது" என்று எல்லாம் ஒரே குவியலாகத் தெரியும். பிரித்ததும் விஷயம் தெளிவாகிவிட்டது. 10 அங்குலத்தை வாங்கியவர்கள் "படத்தில் பெரிதாகத் தெரிந்தது" என்றார்கள். 12 அங்குலத்தை வாங்கியவர்கள் "தூக்க முடியவில்லை", "பக்கத்து அடுப்பில் எதுவும் வைக்க முடியவில்லை", "இண்டக்‌ஷனில் ஓரம் சூடாகவில்லை" என்றார்கள். 11 அங்குலத்தைப் பற்றி அளவுக் குறை ஏறக்குறைய இல்லை. ஆனால் அதைத்தான் ஆட்கள் குறைவாக வாங்கியிருந்தார்கள்.

கல்லில் கோளாறு இல்லை. வருபவருக்குத் தன் வீட்டுக்கு எந்தக் கல் என்று முடிவெடுக்க முடியவில்லை. அதனால் விலை பார்ப்பவர் சின்னதையும், கொஞ்சம் கூடப் போட்டாலும் பரவாயில்லை என்பவர் பெரியதையும் எடுத்தார். எதையும் எடுக்காமல் போனவர்கள்தான் அதிகம். அளவுப் பொத்தானில் 10, 11, 12 என்ற எண் மட்டும் இருக்கிறது. ஒரு அங்குல வித்தியாசத்தில் சமையலறையில் என்ன மாறும் என்று அது சொல்வதில்லை.

பழைய பக்கம் செய்த வேலை

பழைய விவரணையின் தலைப்படத்தில் வெள்ளைச் சுவர், நடுவில் தனி மேடை போட்ட ஒரு விசாலமான சமையலறை. அந்த மேடையில் கல், கல்லின் மேல் பான்கேக், பக்கத்தில் ஏதோ வெளிநாட்டுப் பழம். வாங்கி வைத்த படத்தில் கல்லை ஒட்டியிருந்தார்கள். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர் இதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வார்? கல் எவ்வளவு பெரியது, தன் ஸ்டவ்வில் எப்படி உட்காரும், ஒரு கையால் தூக்க முடியுமா என எதுவும் தெரியாது. மூன்று அளவுக்கும் அதே படம் என்பதால் 10 அங்குலக் கல்லும் அந்த மேடையில் பெரிய கல்லாகவே தெரிந்தது.

ஒப்பீட்டு அட்டவணையும் இருந்தது, ஆனால் கடைசியில். அதில் பதினொரு வரி எழுத முயன்று, பத்துதான் அனுமதி என்பதால் ஒன்றை விட்டிருந்தார்கள். அந்தப் பத்தில் ஏழு வரிகளில் மூன்று கற்களுக்கும் பச்சை டிக். வார்ப்பிரும்பு, டிக். பழக்கப்பட்டது, டிக். ரசாயனப் பூச்சு இல்லை, டிக். மூன்றுக்கும் ஒரே பதில் என்றால் அந்த வரி ஒப்பீடே இல்லை. அது பொதுவான செய்தி, சாதாரணப் பத்தியில் ஒரு வாக்கியமாகச் சொன்னால் போதும். வித்தியாசம் காட்டிய மூன்று வரிகள் விட்டம், தடிமன், எடை. அவையும் வெறும் எண்கள்.

அட்டவணையை முதலில் எழுதினோம்

வழக்கமாக இந்த வேலையில் படத்தில்தான் தொடங்குவார்கள். நாங்கள் அட்டவணையில் தொடங்கினோம். வாங்குபவர் என்ன கேள்விகளோடு வருகிறார் என்பதை அட்டவணை தீர்மானித்துவிட்டால், படம் எதைக் காட்ட வேண்டும் என்பது தானாக வந்துவிடும்.

ஒரு வரி அட்டவணையில் இடம்பெற இரண்டு நிபந்தனை வைத்தேன். மூன்று கற்களுக்கும் பதில் ஒன்றாக இருக்கக் கூடாது. அந்தப் பதிலை வாங்குபவர் தன் வீட்டில் உள்ள ஏதாவது ஒன்றோடு பொருத்திப் பார்க்க முடிய வேண்டும். விட்டம் முதல் நிபந்தனையில் தேறும், இரண்டாவதில் தேறாது. அதற்குப் பதிலாகத் தோசையின் அகலத்தைப் போட்டோம். கல்லின் விளிம்பு மேலே ஏறுவதால் மாவு பரப்பக் கிடைக்கும் இடம் விட்டத்தைவிடக் குறைவு. இந்தக் கற்களில் மாவு ஊற்றி, தோசை வார்த்து, அளந்து எழுதினோம்.

எடையையும் தராசில் வைத்தே எடுத்தோம். பழைய பக்கத்தில் இருந்த எடை தவறு என்று கணக்கிலேயே தெரிந்தது. வார்ப்பிரும்பு ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7.2 கிராம். 30 செ.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன் உள்ள தட்டு மட்டுமே 2.5 கிலோவைத் தாண்டும். கைப்பிடியும் விளிம்பும் தனி. பழைய பக்கமோ 12 அங்குலக் கல் 2.2 கிலோ என்றது. வேறு தடிமனில் வந்த பழைய சரக்கின் எண் அப்படியே தங்கியிருக்கிறது. "தூக்க முடியவில்லை" என்ற குறையில் ஒரு பங்கு இங்கிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

பக்கத்தில் ஆங்கிலத்தில் போன அட்டவணை தமிழில் இப்படி இருக்கும்:

| | 10 அங்குலம் | 11 அங்குலம் | 12 அங்குலம் |
|---|---|---|---|
| யாருக்கு | ஒருவர், இருவர் | மூவர், நால்வர் | பெரிய குடும்பம் |
| தோசையின் அகலம் | 22 செ.மீ. | 25 செ.மீ. | 27 செ.மீ. |
| எடை | 1.8 கிலோ | 2.4 கிலோ | 2.9 கிலோ |
| பக்கத்து அடுப்பில் | குக்கர் வைக்கலாம் | சிறிய பாத்திரம் வைக்கலாம் | இடம் போதாது |
| இண்டக்‌ஷனில் | நன்றாகச் சூடாகும் | ஓரம் சற்றுத் தாமதம் | கேஸ் அடுப்புக்கே ஏற்றது |

இந்த அட்டவணையில் அக்காவுக்குப் பிடிக்காத இடம் கடைசி இரண்டு வரிகளின் கடைசிக் கட்டம். "இடம் போதாதுன்னு நாமளே எழுதினா யார் வாங்குவாங்க?" என்றார். நியாயமான பயம்தான். என் பதில் இது: அந்தக் கட்டத்தைப் படித்து விலகுபவர், எழுதாவிட்டால் வாங்கித் திருப்பி அனுப்பப் போகிறவர். அவருக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே 11 அங்குலம் இருக்கிறது, அட்டவணையின் படத்தைத் தொட்டால் அந்தக் கல்லுக்கே போய்விடலாம். ஒரே பிராண்டின் பொருட்களுக்கு இடையே ஒப்பீடு வைப்பதன் முழுப் பயனும் இங்கேதான். வேறு கடைக்குப் போகும் கால் நம் கடைக்குள்ளேயே அடுத்த அலமாரிக்குப் போகிறது.

இண்டக்‌ஷன் வரிக்கும் காரணம் உண்டு. வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பின் சுருள் பெரும்பாலும் 12 அங்குலக் கல்லைவிடச் சிறியது. வார்ப்பிரும்பு வெப்பத்தை வேகமாகக் கடத்தாது. சுருளுக்கு மேலே உள்ள நடுப்பகுதி சூடாகிவிடும், ஓரம் பின்தங்கும். நடுவில் தோசை கருகும்போது ஓரம் வெந்திருக்காது. "இண்டக்‌ஷனுக்கு ஏற்றது" என்று டிக் போட்டால் அது பொய்யில்லை, கல் சூடாகத்தான் செய்யும். ஆனால் வாங்கியவர் கேட்டது அதையல்ல.

அமேசானின் மதிப்பாய்வில் எங்கள் விவரணை ஒரு முறை திரும்பி வந்தது. அக்காவின் தம்பி நான்காவது நெடுவரிசையாக "சாதாரண நான்ஸ்டிக் கல்" என்று சேர்த்திருந்தார். எந்த பிராண்டின் பெயரும் இல்லை, இருந்தாலும் அது போட்டியாளரோடு ஒப்பிடுவது. இந்தப் பகுதியில் சொந்த பிராண்டின் பொருட்களை மட்டுமே ஒப்பிடலாம். பழைய விவரணையிலிருந்து வந்த "ஆயுட்கால உத்தரவாதம்" என்ற சொல்லையும் எடுக்க வேண்டியிருந்தது. உத்தரவாதம், விலை, தள்ளுபடி, அதிகம் விற்பனையாவது என்ற பெருமை, கடையின் தொலைபேசி எண் எதுவும் இங்கே இருக்கக் கூடாது. நெடுவரிசை போனதில் எனக்கு வருத்தமில்லை. நான்ஸ்டிக்கா இரும்பா என்ற கேள்வியைத் தீர்த்துவிட்டுத்தான் ஒருவர் இந்தப் பக்கத்துக்கே வருகிறார்.

சமையலறைப் படம்

அட்டவணை முடிந்ததும் படத்துக்கான குறிப்பு எளிதாகிவிட்டது. இரண்டு அடுப்பு ஸ்டவ், கருங்கல் மேடை, ஒரு பர்னரில் கல், மறு பர்னரில் குக்கர், கல்லின் மேல் தோசை, கைப்பிடியில் ஒரு கை. மூன்று கல்லுக்கும் இதே காட்சி, இதே கேமரா இடம். கல்லும் மறு பர்னரில் உள்ளதும் மட்டும் மாறும். 11 அங்குலக் கல்லுக்குக் குக்கர் இருந்த இடத்தில் சிறிய பாத்திரம் வரும், 12 அங்குலக் கல்லுக்கு அதையும் எடுத்துவிட வேண்டியிருக்கும், அதுவே செய்தி.

படப்பிடிப்பு நங்கநல்லூரில் ஒரு அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் நடந்தது. ஸ்டூடியோவில் செட் போடலாம் என்று புகைப்படக்காரர் சொன்னார். வெளிச்சத்துக்கு அது சுலபம். ஆனால் வீட்டுச் சமையலறையின் அளவைக் காட்டும் சின்னச் சின்னப் பொருட்கள், ஸ்டவ்வுக்குப் பின்னால் உள்ள டைல், சுவரோரம் நிற்கும் எண்ணெய்த் தூக்கு, கரண்டி ஸ்டாண்டு எல்லாம் செட்டில் கிடைப்பதில்லை. பார்ப்பவர் இந்தப் பொருட்களை வைத்துத்தான், அறியாமலேயே, கல்லின் அளவை மனதில் போடுகிறார்.

இதில் லென்ஸ் முக்கியமான விஷயம், பலர் கவனிக்காததும் அதுதான். செல்பேசியின் முதன்மைக் கேமரா அகலக் கோணம் கொண்டது. அதை வைத்துக் கல்லுக்கு நெருங்கி எடுத்தால் முன்னால் உள்ள கல் ஊதிப் பெரிதாகும், பின்னால் உள்ள குக்கர் சிறுத்துவிடும். படம் கம்பீரமாக இருக்கும். 10 அங்குலக் கல் 13 அங்குலம் போலத் தெரியும். "படத்தில் பெரிதாகத் தெரிந்தது" என்ற குறை பிறக்கும் இடம் இதுவும்தான். நாங்கள் முழுச்சட்டகக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டு, வாசல் வரை பின்வாங்கி, நின்று சமைப்பவரின் கண் உயரத்திலிருந்து எடுத்தோம். செல்பேசியில் எடுப்பவர்கள் 2x வைத்து அதே அளவு பின்னால் போகலாம். படத்தில் தோசையின் அகலமும் குக்கரின் அகலமும் உண்மையில் உள்ள விகிதத்தில் இருக்கிறதா என்று பிறகு ஸ்கேல் வைத்துச் சரிபார்த்தோம்.

தோசை வார்த்தவர் அக்காவின் மாமியார். முதல் சில தோசைகளைக் கேமரா பக்கம் காட்டவே இல்லை. கல் சூடு நிலைக்கு வந்து, ஓரம் தானாக எழும்பும் நிலையில்தான் படமெடுக்கத் தொடங்கினோம். ஓரம் எழும்பி நிற்பது ஒட்டாத கல்லுக்கு அடையாளம். "ஒட்டாது" என்று எழுதுவதைவிடத் தோசை சுடுபவரின் கண் அதை உடனே நம்பும். பான்கேக்கில் இந்த அடையாளம் கிடையாது.

அடுக்கிய வரிசை

சாதாரண A+ பகுதியில் ஐந்து மாட்யூல், அதாவது ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் ஐந்து கட்டங்கள், வைக்கலாம். முதலில் 970×600 பிக்சல் அளவில் 11 அங்குலக் கல்லின் சமையலறைப் படம். அதை ஒட்டி இரண்டாவதாக ஒப்பீட்டு அட்டவணை. பிறகு அடிப்பாகத்தின் படமும் இண்டக்‌ஷன் பற்றிய இரண்டு வாக்கியமும். நான்காவது, முதல் வாரத்தில் கல்லைப் பழக்குவது. ஐந்தாவது, கழுவித் துடைத்து எண்ணெய் தடவுவது, துரு வந்தால் என்ன செய்வது.

அட்டவணையைக் கடைசியில் வைப்பது பலருக்கும் பழக்கம், "எங்களிடம் இவையும் உண்டு" என்று சொல்லும் இடமாக அதைக் கருதுவதால். இங்கே அட்டவணைதான் முடிவெடுக்க வைக்கும் கருவி. கீழே போகப் போக ஆள் குறைவார்கள், அதனால் மேலே. இன்னொன்று, செல்பேசியில் இந்த விவரணைப் பகுதிக்கு வரவே நிறைய உருட்ட வேண்டும். அதனால் சமையலறைப் படத்தையும், அளவு தெரிய மூன்று கல்லையும் ஒரு குக்கர் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தையும் மேலே உள்ள படவரிசையின் இரண்டாம், மூன்றாம் இடத்திலும் போட்டோம். முதல் படம் வெள்ளைப் பின்னணியில்தான் இருக்க வேண்டும், அதைத் தொடவில்லை.

செல்பேசி இன்னொரு விஷயத்தையும் தீர்மானிக்கிறது. 970 பிக்சல் அகலப் படம் 390 பிக்சல் அகலத் திரையில் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கும். படத்துக்குள் 24 அளவில் எழுதிய எழுத்து 10 அளவுக்கு இறங்கிவிடும். அதை யாரும் படிக்க மாட்டார்கள். பழைய பக்கத்தில் பழக்கும் முறை முழுவதும் இப்படிப் படத்துக்குள் எழுதப்பட்டிருந்தது. "தோசை ஒட்டுகிறது" என்றவர்களுக்கான பதில் பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் படவில்லை. புதியதில் படத்துக்குள் அளவு எண் மட்டும், பெரிய எழுத்தில். மற்றதெல்லாம் மாட்யூலின் எழுத்துப் பகுதியில். ஒவ்வொரு வடிவையும் மடிக்கணினியில் ஒப்புக்கொள்வதற்கு முன் அக்காவின் செல்பேசியில் திறந்து, கை எட்டும் தூரத்தில் வைத்துப் படித்தோம்.

பலன் வந்ததா என்று எப்படிப் பார்ப்பது

Manage Your Experiments என்ற வசதியில் பழைய, புதிய விவரணைகளை வருபவர்களுக்குப் பாதிப்பாதியாகக் காட்டிச் சோதிக்கலாம். இதற்குப் போதிய ஆட்கள் வர வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. n என்பது ஒவ்வொரு விவரணைக்கும் தேவையான ஆட்கள், p என்பது இப்போதைய வாங்கும் விகிதம், d என்பது கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசம்:

```
n = 16 × p × (1 − p) / d²
```

100 பேரில் 4 பேர் வாங்கும் பக்கத்தில், புதிய விவரணை அதை 4.8 ஆக்கியதா என்று அறிய வேண்டும் என்றால், ஒவ்வொரு விவரணைக்கும் 9,600 பேர், மொத்தம் 19,200 பேர் தேவை. ஒரு நாளைக்கு 300 பேர் வந்தால் 64 நாள். சோதனையை 4 முதல் 10 வாரம் வரை ஓட விடலாம் என்பதால் இது கடைசி எல்லைக்குள் அடங்கும். அதைவிடக் குறைவாக ஆள் வரும் பக்கத்தில் இரண்டு வாரத்தில் ஒன்று முந்துவதைப் பார்த்து முடிவெடுத்தால் அது வெறும் ஏற்ற இறக்கம்தான். எங்களுக்கு 12 அங்குலத்தில் மட்டுமே சோதனைக்குப் போதிய ஆட்கள் வந்தார்கள். மற்ற இரண்டிலும் விலையையும் விளம்பரச் செலவையும் மாற்றாமல் வைத்து, பொங்கல் வாரங்களை விலக்கி, பக்கத்துக்கு வந்த வருகைகளுக்கு எத்தனை கல் விற்றது என்று காட்டும் Unit Session Percentage எண்ணை முன்னும் பின்னும் பார்த்தோம். இது சோதனைக்கு ஈடாகாது, திசை தெரியும், அவ்வளவே.

கடையின் எண்களை வெளியில் சொல்வதில்லை என்று ஒப்பந்தம், அதனால் திசையை மட்டும் சொல்கிறேன். 10 அங்குலத்தில் வாங்குவோர் விகிதம் கொஞ்சம் ஏறியது. 11 அங்குலத்தில் நன்றாகவே ஏறியது, அது மூன்றிலும் அதிகம் விற்கும் கல்லாக மாறியது. 12 அங்குலத்தின் சோதனையிலோ புதிய விவரணை பழையதைவிடச் சற்றுப் பின்தங்கியது.

அந்த முடிவை மட்டும் பார்த்திருந்தால் புதியதைத் தூக்கிப் போட்டிருப்போம். தம்பியும் அதைத்தான் சொன்னார். ஆனால் சோதனை அந்த ஒரு கல்லின் விற்பனையை மட்டும் எண்ணுகிறது. அட்டவணையைப் பார்த்து 11 அங்குலத்துக்குத் தாவியவர் அதன் கணக்கில் இழந்த வாடிக்கையாளர். திரும்பி வருவதையும் அது கழிப்பதில்லை. மாதிரி எண்களில் போட்டுப் பார்க்கலாம்: 10,000 பேரில் முன்பு 400 பேர் வாங்கி 40 கல் திரும்பியது என்று வைத்தால், கையில் நின்றது 360. இப்போது 380 பேர் வாங்கி 15 திரும்பினால், நிற்பது 365. விகிதம் இறங்கியும் நின்ற விற்பனை கூடுகிறது. இரண்டு பக்கப் போக்குவரத்துச் செலவு மிச்சமாகும் 25 கற்கள் தனி. அக்காவின் உண்மையான எண்கள் வேறு, ஆனால் கூட்டல் கழித்தல் இதே பக்கம்தான் சாய்ந்தது. திரும்பி வருவது முழுதாகத் தெரிய விற்பனைக்குப் பின் சில வாரம் ஆகும் என்பதால், சோதனை முடிந்த அன்றே தீர்ப்பு எழுதாமல் காத்திருந்து இந்தக் கணக்கைப் போட்டோம். 12 அங்குலத்திலும் புதிய விவரணையே நின்றது.

தீராதவையும் உண்டு. "துருவோடு வந்தது" என்ற குறை குறையவே இல்லை. அது கிடங்கில் ஈரம் ஏறும் பிரச்சினை. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் கூடுகிறது. எண்ணெய்த் தாள் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பதுதான் அதற்கு வழி, பக்கத்தில் எதை எழுதினாலும் நடக்காது.

அடுத்து பணியாரக் கல்லுக்கு இதே வேலை நடக்கிறது. அங்கே திரும்பிய குறிப்புகளில் எடையும் அடுப்பும் வரவே இல்லை. குழியின் ஆழத்தைத்தான் கேட்கிறார்கள், எத்தனை குழி என்பதைவிட அதிகமாக. அதனால் அட்டவணையின் முதல் வரி ஒரு குழிக்கு எத்தனை மேசைக்கரண்டி மாவு பிடிக்கும் என்பது, தலைப்படம் குறுக்கே வெட்டிய பணியாரம்.